விளக்கணையும் முன் மூன்று நிமிடம்

சங்க விழாக்களில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று பழகியவன் என்பதால், பள்ளிக்கூட நிகழ்ச்சி என்றாலும் என்னிடம் வந்துவிடுகிறார்கள். தேவ்நாரில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஓர் ஆசிரியை, "சார், எங்க பள்ளியிலே ஒரு சாயங்காலம் படம் போடப் போறோம். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தொகுத்து வழங்கறா. அவளுக்குத் தொடக்கவுரையும் நடுவிலே சொல்ல வேண்டியதும் எழுதித் தாங்க" என்றார். அரை மணி நேர வேலை என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். எனக்குப் பத்து நாள் பிடித்தது. அதிலே கற்றுக்கொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் நாளை இப்படி ஒரு பொறுப்பு வரலாம்.

படங்கள் மூன்று. முதலாவது 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'. பிலிம்ஸ் டிவிஷனுக்காக விஜயா முலே 1974-ல் இயக்கிய ஏழு நிமிடச் சித்திரப்படம். தூர்தர்ஷன் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் பாட்டு இன்றும் காதில் இருக்கும். இரண்டாவது சத்யஜித் ராய் 1964-ல் எடுத்த 'டூ', சுமார் பன்னிரண்டு நிமிடம். மூன்றாவது ஆல்பெர் லாமொரீஸ் 1956-ல் பாரிஸ் நகரத் தெருக்களில் எடுத்த 'சிவப்பு பலூன்', முப்பத்து நான்கு நிமிடம். 2022-ல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் மாதந்தோறும் சிறார் படம் காட்டும் திட்டம் தொடங்கியபோது அங்கேயும் இந்தப் படம் திரையேறியது.

முதல் வேலை பேனாவை எடுப்பதல்ல, கடிகாரத்தை எடுப்பது. மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து ஏழு மணிக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார் ஆசிரியை. மொத்தம் 90 நிமிடம். படங்களுக்கு 53 போனால் மீதி 37. இறைவணக்கம், குத்துவிளக்கு, வரவேற்பு இவற்றுக்கு 8. தலைமையாசிரியைக்கு 5. இரண்டாம் படத்துக்குப் பிறகு பிள்ளைகள் பேச 5, கடைசிப் படத்துக்குப் பிறகு மறுபடி 5. நன்றியுரைக்கு 3. தொகுப்பாளருக்குத் தொடக்கவுரை 3, இரண்டு இணைப்புரைகளுக்கு இரண்டிரண்டு. ஆக 33. மிச்சம் நான்கு நிமிடம் யாருக்கும் இல்லை, அது இயந்திரத்துக்கு. படம் போடும் கணினி தூங்கிப் போகும், ஒலி வராது. அந்த நான்கு நிமிடத்தைக் கணக்கில் வைக்காதவர்கள் கடைசிப் படத்தை வெட்டுகிறார்கள்.

அடுத்த கணக்கு, மூன்று நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பது. அந்தப் பெண்ணை என் பழைய உரை ஒன்றை உரக்கப் படிக்கச் சொல்லி நேரம் பார்த்தேன். அவசரப்படாமல் படித்தால் நிமிடத்துக்கு 80 சொல் வந்தது. அப்படியானால் தொடக்கவுரை 240 சொல்தான். நான் முதலில் எழுதி வைத்திருந்ததோ ஐந்நூறு! சினிமாவின் வரலாறு, லூமியேர் சகோதரர்கள், குழந்தைப் பருவத்தின் பெருமை எல்லாம் அதில் இருந்தன. ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அரங்கில் முந்நூறு பிள்ளைகள் அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார மாட்டார்கள்.

வெட்டிய பிறகு நான்கு பகுதிகள் நின்றன. வணக்கம் ஒரு வாக்கியம். நாம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது சில வாக்கியங்கள். எதைப் பார்க்கப் போகிறோம் என்பது அடுத்தது. எப்படிப் பார்க்க வேண்டும் என்பது கடைசி. சிறப்பு விருந்தினர் பெயர்களை உரையில் எழுதவே இல்லை. அவை தனித் துண்டுச் சீட்டில் இருந்தன, ஏனென்றால் கடைசி நேரத்தில் ஒருவர் வரமாட்டார், எதிர்பாராத இன்னொருவர் வந்து நிற்பார். உரைக்குள் பெயரை அடித்துத் திருத்தினால் படிக்கிற பிள்ளை அங்கேதான் தடுமாறும்.

'எங்கே உட்கார்ந்திருக்கிறோம்' என்ற பகுதிக்கு லூமியேர் வரை போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்துச் செம்பூரில்தான் ராஜ் கபூர் 1948-ல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ இருந்தது. 2017-ல் அதில் தீப்பிடித்தது, 2019-ல் நிலம் கைமாறியது. "உங்க அப்பா அம்மாகிட்டே ஆர்.கே. ஸ்டூடியோ எங்கே இருந்துச்சுன்னு கேளுங்க. நாம தினம் பஸ்ஸிலே கடந்து போற இடத்திலேதான் பெரிய பெரிய படமெல்லாம் எடுத்தாங்க" என்று எழுதினேன். இது பிள்ளைகளுக்கு உடனே புரியும். பேச்சு நடையிலேயே எழுதியதற்கும் காரணம் உண்டு. 'காணவிருக்கின்றோம்' என்று எழுதிக் கொடுத்தால் பிள்ளை ஒப்பிப்பாள். 'பார்க்கப் போறோம்' என்று எழுதினால் பேசுவாள்.

இணைப்புரையில் எல்லோரும் செய்யும் பிழை கதையைச் சொல்லிவிடுவது. நானே செய்திருக்கிறேன். சில வருடம் முன்பு வேறோர் இடத்தில் இதே பலூன் படத்துக்கு எழுதியபோது, 'இறுதியில் பாரிஸ் நகரத்துப் பலூன்கள் அனைத்தும் திரண்டு வந்து சிறுவனை வானில் தூக்கிச் செல்லும் அற்புதக் காட்சியைக் காணத் தயாராகுங்கள்' என்று அலங்காரமாக எழுதிக் கொடுத்தேன். போக்கிரிப் பையன்கள் உண்டிவில்லால் அடித்து அந்தச் சிவப்பு பலூன் மெல்லச் சுருங்கிச் சாகிற இடம் வந்தது. அரங்கம் மூச்சடக்க வேண்டிய அந்த நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பொடியன், "கவலைப்படாதே, இப்ப நிறைய பலூன் வரும்!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். படத்தைக் கெடுத்தது அவனில்லை, நான்.

அதனால் இந்தத் தடவை கதைக்குப் பதிலாகக் கவனிக்க வேண்டிய ஒரு பொருளைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டேன். பலூன் படத்துக்கு முன்னால், "இந்தத் தெருவிலே வீடு, சுவர், ரோடு எல்லாம் சாம்பல் நிறமாத்தான் இருக்கும். சிவப்பு எங்கெங்கே வருதுன்னு பாருங்க" என்பது மட்டும். கூடவே ஒரு செய்தி: இந்தப் படத்தில் பேச்சு அநேகமாகக் கிடையாது, ஆனாலும் சிறந்த திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. எழுத்து என்றால் வசனம் மட்டும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு அது போதும்.

இனி நான் உண்மையாகவே இடறிய இடத்துக்கு வருகிறேன். ராயின் 'டூ' படத்திலும் வசனம் கிடையாது. மாடி வீட்டில் தனியாக ஒரு பையன், ஏகப்பட்ட பொம்மைகளோடு. ஜன்னலுக்கு வெளியே குடிசைப் பக்கத்தில் இன்னொரு பையன், கையில் புல்லாங்குழலோடு. இவன் ஊதினால் அவன் ஊதுகிறான், இவன் முகமூடி போட்டால் அவனும் போடுகிறான். வெளிப்பையன் பட்டம் விடும்போது மாடிப்பையன் விளையாட்டுத் துப்பாக்கியால் அதைச் சுட்டுக் கிழித்துவிடுகிறான். நான் எழுதிய இணைப்புரை இப்படித் தொடங்கியது: 'ஒரு பணக்காரச் சிறுவனுக்கும் ஓர் ஏழைச் சிறுவனுக்கும் இடையே நடக்கும் கதை இது.'

ஒத்திகையில் அந்தப் பெண் இந்த வரியில் நின்றாள். காகிதத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, இதை நான் சொன்னா எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பாங்க" என்றாள். அவள் குடியிருப்பது கோவண்டிப் பக்கத்துக் குடிசைப் பகுதியில். அவள் வகுப்பிலேயே உயர்ந்த கட்டடங்களிலிருந்து வருகிற பிள்ளைகளும் உண்டு. தேவ்நாரில் ஒரு வகுப்பறை என்றாலே அப்படித்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. ராய் ஒரு சொல்கூடப் பயன்படுத்தாமல் காட்டியதை நான் இரண்டு பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். அரங்கில் இருக்கிற பிள்ளைகள் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே 'நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம்' என்று பிரிந்துவிட்டிருப்பார்கள்.

இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். கடைசியில் நின்றது இது:

"இப்போ வரப் போற படத்திலே யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ரெண்டு பையன்க. ஒருத்தன் ஜன்னலுக்கு உள்ளே, ஒருத்தன் வெளியே. ரெண்டு பேருக்கும் ஒரு போட்டி. யார் கையிலே என்னென்ன இருக்குன்னு எண்ணிக்கிட்டே வாங்க. என்னென்ன சத்தம் வருதுன்னு காதைத் தீட்டி வச்சுக்குங்க. எடுத்தவர் சத்யஜித் ராய், வருஷம் 1964. படத்தோட பேரு 'டூ'."

கடைசிச் சொல் படத்தின் பெயராக இருப்பது தற்செயல் அல்ல. விளக்கை அணைப்பவருக்கும் கணினியில் உட்கார்ந்திருப்பவருக்கும் அதுதான் சைகை என்று முன்னமே சொல்லி வைத்தோம். பெயருக்குப் பிறகு தொகுப்பாளர் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் படத்தின் முதல் ஒலி அவள் குரலுக்கு அடியில் போய்விடும். அவளுடைய பிரதியில் அந்தச் சொல்லின் கீழே சிவப்புக் கோடு போட்டேன்.

படங்களின் வரிசையும் இதனால்தான். பாட்டுள்ள சித்திரப்படம் முதலில் வந்தால் தாமதமாக வருகிறவர்கள் இருட்டில் இடம் தேடினாலும் நஷ்டமில்லை. 'டூ' மனத்தை அழுத்தும், ஆகவே நடுவில். வானத்தில் முடிகிற பலூன் கடைசியில். 'டூ' முடிந்ததும் தொகுப்பாளர் உடனே பேசக் கூடாது. பிரதியில் 'மனத்துக்குள் ஐந்து எண்ணு' என்று எழுதினேன். பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "என்ன சத்தமெல்லாம் கேட்டீங்க?" 'இதன் நீதி என்ன?' என்று கேட்டால் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள்.

இயந்திரம் நின்றால் சொல்ல மூன்று சீட்டுகளும் தயாராக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடச் செய்தி. பலூன் படத்தில் நடிக்கும் சிறுவன் பாஸ்கல் இயக்குநரின் சொந்த மகன் என்பது ஒன்று. அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ராயிடம் ஆங்கிலத்தில் ஒரு படம் கேட்டபோது, அவர் மொழியே இல்லாமல் எடுத்துக் கொடுத்தார் என்பது இன்னொன்று. அன்று மாலை ஒலி ஒரு தடவை போயிற்று, அந்தப் பெண் பதறாமல் ராய் சீட்டை எடுத்தாள்.

'டூ' முடிந்தது. அவள் ஐந்து எண்ணினாள். அரங்கில் இருமல்கூட இல்லை. கேள்வியைக் கேட்டாள். மத்தளம் என்றார்கள், துப்பாக்கி என்றார்கள், புல்லாங்குழல் என்றார்கள். முன்வரிசையில் ஒரு சிறுவன் எழுந்து, "தீதீ, பட்டம் போனாலும் அவனுக்குப் புல்லாங்குழல் இருக்கு. உள்ளே இருக்கிற பையனுக்குத்தான் விளையாட யாருமே இல்லே" என்றான். அவன் எந்தக் கட்டடம், எந்தக் குடிசை என்று எனக்குத் தெரியாது. நான் எழுதி வைத்திருந்த பழைய முதல் வரியை அவள் படித்திருந்தால், அந்தப் பதில் அரங்கில் வந்திருக்காது.