தலைக்கவசம் அணியாவிட்டால் விபத்து இழப்பீடு குறையுமா?

பாறசாலை: கேரளத்தின் நெய்யாற்றின்கரை, பாறசாலை பகுதிகளில் இருந்து களியக்காவிளை வழியாகத் தமிழகத்துக்கு நாள்தோறும் ஏராளமானோர் இருசக்கர வாகனங்களில் சென்று வருகின்றனர். தலைக்கவசம் அணியாமலோ, மூவராகவோ சென்று விபத்தில் சிக்கினால் இழப்பீடு கிடைக்காது என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. ஆனால் சட்டத்தின் நிலை வேறு.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே அமர அனுமதிக்கிறது. 129-ஆவது பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. இவற்றை மீறினால் அபராதம் உண்டு. எனினும், அபராதத்துக்குரிய குற்றமும் விபத்துக்கான காரணமும் ஒன்றல்ல.

உச்சநீதிமன்றத் தீர்ப்பு

தில்லியில் 2008-ஆம் ஆண்டு மூவர் சென்ற மோட்டார் சைக்கிள் மீது கார் மோதியதில் 23 வயது இளைஞர் உயிரிழந்தார். மூவராகச் சென்றதைக் காரணம் காட்டி, அவர் தரப்பிலும் கவனக்குறைவு இருந்ததாகக் கூறி, தில்லி உயர்நீதிமன்றம் இழப்பீட்டில் 10 சதவீதத்தைக் குறைத்தது.

இதை 2020 ஜனவரி 8-ஆம் தேதி உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மூவர் பயணம் சட்டமீறலாக இருக்கலாம். ஆனால் அந்த மீறல் விபத்து நிகழவோ, அதன் பாதிப்பு கூடவோ காரணமாக இருந்தது என்று நிரூபிக்கப்பட்டால் மட்டுமே இழப்பீட்டைக் குறைக்க முடியும் என நீதிபதிகள் என்.வி. ரமணா, வி. ராமசுப்ரமணியன் அமர்வு தெரிவித்தது.

காயமே முக்கியம்

தலைக்கவசத்துக்கும் இதே அளவுகோலைப் பொருத்திப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, தலைக்கவசம் அணியாமல் சென்றவர் மீது தவறான திசையில் வந்த கார் மோதி, அவரது கால் முறிந்ததாகக் கொள்வோம். தலைக்கவசம் இருந்திருந்தாலும் கால் முறிந்திருக்கும். எனவே, இழப்பீட்டைக் குறைக்க அது காரணமாகாது.

அதே நபருக்குத் தலையில் காயம் ஏற்பட்டிருந்தால், தலைக்கவசம் பாதிப்பைக் குறைத்திருக்கும் என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடலாம். அதைச் சான்றுடன் நிறுவும் பொறுப்பு அந்நிறுவனத்துக்கே உரியது. தீர்ப்பாயம் அதை ஏற்று 10 சதவீதம் குறைத்தால், 10 லட்சம் ரூபாய் இழப்பீடு 9 லட்சமாகும்; முழுத் தொகையும் மறுக்கப்படாது.

மூவர் பயணத்தில், பாரம் கூடியதால் வாகனம் நிலைதடுமாறி எதிர்த்தடத்துக்குச் சென்றது நிரூபணமானால், அதுவும் இழப்பீட்டைப் பாதிக்கும்.

ஆகவே, காயம் எங்கு ஏற்பட்டது என்பதைக் காட்டும் மருத்துவச் சான்றும், மோதல் எப்படி நிகழ்ந்தது என்பதைக் காட்டும் காவல்துறை ஆவணங்களும் வழக்கில் முக்கியமானவை.

எங்கு மனு செய்வது?

பாறசாலையில் வசிப்பவர் தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கினால், அங்குதான் வழக்குத் தொடர வேண்டும் என்பதில்லை. 166-ஆவது பிரிவின்படி, விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் இடத்திலோ, எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடத்திலோ உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.