பெயர் மருத்துவமனையுடையது, முகவரி யாருடையது?

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இரவு 11 மணிக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து எனக்குத் தொலைபேசி இணைப்புக் கொடுத்தார்கள். இரைப்பைப் புண்ணிலிருந்து இரத்தம் கசிந்து, அன்று காலையில்தான் அனுமதிக்கப்பட்டிருந்த முதியவர் ஒருவரின் மகன் வெளியூரிலிருந்து பேசினார். "டாக்டர், நீங்கள் கேட்ட பணத்தை அனுப்பிவிட்டேன். அப்பாவுக்கு அந்த ஊசியைப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். எந்த ஊசி என்று எனக்குப் புரியவில்லை. நாங்கள் பணம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

நடந்தது பிறகுதான் விளங்கியது. இரவு 10 மணியளவில் அவருடைய கைப்பேசிக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. அனுப்புநர் என்ற இடத்தில் நமது மருத்துவமனையின் பெயரும் 'கணக்குப் பிரிவு' என்ற சொல்லும் இருந்தன. தந்தையின் பெயரும் வார்டும் சரியாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. அவசர ஊசிமருந்துக்காக ஒரு மணி நேரத்துக்குள் 48,500 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், தாமதமானால் சிகிச்சை தள்ளிப்போகும் என்றும் எழுதப்பட்டிருந்தது. தந்தை இரத்தம் கக்கிக்கொண்டிருக்கும்போது எந்த மகனும் எழுத்துப் பிழைகளைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அவர் உடனே பணத்தை அனுப்பிவிட்டார்.

அனுப்பியவருக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரிந்தது? அன்று பகலில் இரத்ததானம் வேண்டி மகன் சமூக ஊடகத்தில் ஒரு வேண்டுகோள் வெளியிட்டிருந்தார். நோயாளியின் பெயர், இரத்தப் பிரிவு, மருத்துவமனை, வார்டு, தமது கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகிய அனைத்தும் அதில் இருந்தன. மோசடிக்காரருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

அந்த மின்னஞ்சலில் மருத்துவமனையின் பெயர் எப்படி வந்தது என்பதை அறிந்துகொள்வது அவசியம். ஒவ்வொரு மின்னஞ்சலிலும் அனுப்புநரைப் பற்றி இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, திரையில் காட்டப்படும் பெயர். மற்றொன்று, உண்மையான முகவரி. மின்னஞ்சலின் உட்பகுதியில் அவை இவ்வாறு அமைந்திருக்கும்:

```
From: "Hospital Accounts" <desk@example.net>
```

மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் பெயரை, மின்னஞ்சல் கணக்கு வைத்திருப்பவர் தாமே தட்டச்சு செய்கிறார். அதில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். மருத்துவமனையின் பெயரை எழுதலாம், வங்கியின் பெயரை எழுதலாம், என் பெயரையும் எழுதலாம். அந்தப் பெயர் உண்மையா என்று பெரும்பாலும் யாரும் சரிபார்ப்பதில்லை. அனுப்புநரை உறுதிசெய்ய மின்னஞ்சல் நிறுவனங்கள் செய்யும் அடிப்படைச் சோதனைகள் முகவரியைப் பற்றியவை. அந்த முகவரிக்குரிய இடத்திலிருந்துதான் கடிதம் வந்ததா என்று மட்டுமே அவை பார்க்கின்றன. மோசடிக்காரர் தம் சொந்தக் கணக்கிலிருந்தே அனுப்புவதால், கடிதம் அந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. ஆகவே, ஸ்பேம் பெட்டிக்குப் போகாமல் நேரே உள்பெட்டிக்கு வந்துவிடுவதும் உண்டு.

கணினித் திரையில் பெரும்பாலும் பெயருக்குப் பக்கத்திலேயே முகவரியும் தெரியும். கைப்பேசியில் இடம் குறைவு என்பதால் பெயர் மட்டுமே காட்டப்படுகிறது. அறிவிப்பாக மேலே தோன்றும்போதும் பெயர்தான் தெரியும். எனவே கைப்பேசியில் முகவரியை நாமாகத்தான் திறந்து பார்க்க வேண்டும். அதற்குச் சில நொடிகளே ஆகும்.

ஜிமெயில் செயலியில் கடிதத்தைத் திறந்தால், அனுப்புநர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் 'to me' என்று இருக்கும். அதைத் தொட்டால் ஒரு சிறு பெட்டி விரியும். அதில் 'From' என்ற வரியில் பெயரும் முழு முகவரியும் இருக்கும். ஐபோனில் உள்ள மெயில் செயலியில், கடிதத்தின் மேற்பகுதியில் உள்ள அனுப்புநர் பெயரை ஒருமுறை தொட்டு, பிறகு மறுபடியும் தொட்டால் முகவரி தெரியும். முகவரியைப் பார்த்து முடிக்கும்வரை, கடிதத்தினுள் இருக்கும் இணைப்பையோ கோப்பையோ தொடாதீர்கள்.

முகவரி தெரிந்த பிறகு, @ குறிக்குப் பின்னால் உள்ள பகுதியைக் கடைசி எழுத்துவரை படியுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: நமது உண்மையான முகவரி முதலாவதாக உள்ளது என்று வைத்துக்கொள்வோம். மற்ற இரண்டும் போலி.

```
accounts@hospital.example
hospital.accounts@example.net
accounts@hospital.example.net
```

இரண்டாவது முகவரியில் மருத்துவமனையின் பெயர் @ குறிக்கு முன்னால் இருக்கிறது. அந்த இடத்தில் யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது இன்னும் தந்திரமானது. @ குறிக்குப் பின்னால் மருத்துவமனையின் பெயர் இருந்தாலும், அதற்கப்பால் மேலும் ஒரு சொல் ஒட்டியிருக்கிறது. முகவரியின் உரிமையாளர் யார் என்பதைக் கடைசிப் பகுதியே சொல்கிறது. இங்கு அது வேறொருவருடையது. ஆகவே, உங்கள் அனுமதி அட்டையிலோ ரசீதிலோ அச்சிடப்பட்டிருக்கும் முகவரியை அருகில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சிலர், பெயர் எழுத வேண்டிய இடத்திலேயே நமது மின்னஞ்சல் முகவரியைப் பெயரைப்போலத் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். கடிதத்தின் மேலே ஒரு முகவரி தெரிகிறது என்பதால் நின்றுவிடாமல், தொட்டு விரித்து 'From' வரியைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. முகவரி பொருந்தவில்லை என்றால் கடிதம் போலி என்றே கொண்டு நடந்துகொள்ளுங்கள். முகவரி பொருந்திவிட்டது என்பதால் மட்டும் கடிதம் உண்மையாகிவிடாது. ஊழியர் ஒருவரின் கணக்கே வேறொருவர் கையில் சிக்கியிருக்கலாம். எனவே பணம், ஆதார் எண், காப்பீட்டு விவரம், மருத்துவ அறிக்கை ஆகியவற்றுள் எதைக் கேட்டாலும், உங்கள் அட்டையில் உள்ள எண்ணுக்குத் தொலைபேசி செய்து கேளுங்கள். கடிதத்தில் தரப்பட்டுள்ள எண்ணை அழைக்க வேண்டாம். அதை எடுப்பவரும் அவர்களுடைய ஆளாகவே இருப்பார். நோயாளியுடன் வார்டில் இருப்பவர் செவிலியரிடம் ஒரு வார்த்தை கேட்டாலும் போதும்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள். உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் சொன்னால்தான் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு. அந்த மகன் அன்றிரவே அழைத்ததால், ஒரு பகுதித் தொகை நிறுத்திவைக்கப்பட்டது. மற்றது கிடைக்கவில்லை. அவருடைய தந்தை ஆறாம் நாள் நலமுடன் வீடு திரும்பினார்.

இரத்தம் ஏற்றுவதற்கு முன் செவிலியர் உங்கள் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், கையில் கட்டியிருக்கும் பட்டையின் பதிவு எண்ணையும் இரத்தப் பையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வார்டில் ஒரே பெயரில் இருவர் இருப்பது எங்களுக்குப் பழக்கமான ஒன்று. பெயரை நம்பி ஒரு பை மாறினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையின் பெயரில் உங்கள் கைப்பேசிக்கு வரும் கடிதத்தையும் அதே முறையில் பாருங்கள்: முதலில் பெயர், பிறகு முகவரி, அதன்பின் எங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அந்த அழைப்பு எந்த நேரத்தில் வந்தாலும் எங்களுக்குத் தொந்தரவு இல்லை.