கேட்டால்தான் இறங்கும் பாக்கி

பத்து லட்சம் எண்கள் வரிசையாக இருக்கின்றன. இந்த இடத்திலிருந்து அந்த இடம் வரை எல்லாவற்றிலும் 10 கூட்டு என்று ஒரு கட்டளை வரும். இன்ன பகுதியின் கூட்டுத்தொகை என்ன என்று அடுத்து ஒரு கேள்வி வரும். இப்படி லட்சம் முறை மாறி மாறி வந்தால், ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு மாற்றும் புரோகிராம் திணறிவிடும்.

இதற்குத்தான் செக்மென்ட் ட்ரீ. எட்டே எண்களை வைத்துப் பார்ப்போம்: 5, 3, 8, 6, 2, 7, 4, 1. இரண்டிரண்டாகக் கூட்டினால் 8, 14, 9, 5. நான்கு நான்காக 22, 14. உச்சியில் 36. எண்களையும் சேர்த்து மொத்தம் 15 பெட்டிகள்.

இப்போது மூன்றாம் இடம் முதல் எட்டாம் இடம் வரை 10 கூட்ட வேண்டும். 5 முதல் 8 வரையிலான பெட்டி முழுதாக இதற்குள் அடங்கிவிடுகிறது. அதில் நாலு எண்கள் என்பதால் 14 என்பதை 54 ஆக்கிவிட்டு, ஓரத்தில் ‘பாக்கி 10’ என்று எழுதி வைக்கிறோம். அதோடு சரி, கீழே இறங்குவதில்லை. 3-4 பெட்டியும் அப்படியே: 14 இப்போது 34, பாக்கி 10. மேலே இருக்கும் 22, 42 ஆகிறது, உச்சி 96. அடியில் எட்டுப் பெட்டிகளில் இன்னும் பழைய கணக்குதான். லேசி ப்ராபகேஷன் என்பது இந்தச் சோம்பல்தான்.

பிறகு ஒருவர் 5, 6 ஆம் இடங்களின் கூட்டுத்தொகையைக் கேட்கிறார். இறங்கும் வழியில் 5-8 பெட்டியின் பாக்கி கண்ணில் படுகிறது. அதை இரு பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம்: 9 என்பது 29, 5 என்பது 25, இரண்டிலும் பாக்கி 10. தாய்ப் பெட்டியின் பாக்கியை அழிக்கிறோம். விடை 29. கேள்வி அங்கேயே முடிவதால் அதற்குக் கீழே யாரையும் தொடவில்லை.

பத்து லட்சம் எண்களானாலும் மரத்தின் உயரம் ஏறத்தாழ 20 தளம்தான். ஒரு தளத்தில் அதிகபட்சம் நாலு பெட்டிகளைப் பார்த்தால் போதும். ஆக ஒரு கட்டளைக்கு 80 சொச்சம் பெட்டிகள்.

எழுதுபவர்கள் சறுக்குவது பாக்கியில்தான். இறங்கும்போது அதைக் கொடுக்க மறந்தால் 29க்குப் பதில் 9 வரும். கொடுத்தபின் அழிக்காவிட்டால் அதே 10 மறுபடியும் ஏறும். பாக்கி 10 இருக்கும் பெட்டிக்கு இன்னொரு 5 வந்தால் அது 15 ஆக வேண்டும். பழையதன் மேல் 5 என்று எழுதிவிட்டால் 10 காணாமல் போகும். இதில் வில்லங்கம் என்னவென்றால், உச்சியின் 96 பெரும்பாலும் சரியாகவே இருக்கும், சின்னப் பகுதிகளைக் கேட்டால்தான் குட்டு வெளிப்படும். அதனால் எழுதி முடித்ததும், எட்டுப் பத்து எண்களுக்கு ஒவ்வொன்றாகக் கூட்டும் சாதாரண புரோகிராம் ஒன்றை எழுதி, கட்டளைகளைக் கன்னாபின்னாவென்று இரண்டுக்கும் கொடுத்து, விடைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.