படுக்கையறையில் வைஃபை ஏன் தவழ்கிறது?

வரவேற்பறையில் பாய்ந்து வரும் வைஃபை, படுக்கையறைக்குள் போனதும் தவழ்வது ஏன்?

ரேடியோ அலையில் 0, 1 எனும் பிட்டுகளை ஏற்ற மூன்று வழிகள் உண்டு. அலையின் உயரத்தை மாற்றலாம்; அதிர்வெண்ணை மாற்றலாம்; கட்டத்தை, அதாவது அலை தொடங்கும் புள்ளியை, நகர்த்தலாம். வைஃபை பயன்படுத்தும் ‘குவாம்’ முறை உயரத்தையும் கட்டத்தையும் சேர்த்தே மாற்றுகிறது. இப்படி 16 வெவ்வேறு அலை வடிவங்களை அமைத்தால், ஒவ்வொன்றும் 0110 போன்ற 4 பிட்டுகளைச் சுமக்கும். 256 வடிவங்கள் என்றால் 8 பிட்டுகள்.

ஆனால் வடிவங்கள் பெருகப் பெருக, அவற்றுக்கிடையே வேறுபாடு நுணுக்கமாகிறது. சுவரைத் தாண்டி வலுவிழந்த அலையில் இரைச்சல் கலந்தால், கைப்பேசி ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிடும். அதனால் ரௌட்டர் 16 வடிவங்களுக்கு இறங்கிவிடுகிறது. வேகம் குறைகிறது, தகவல் சிதையாமல் வருகிறது.

ரௌட்டரைக் கதவருகே நகர்த்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.