அசோலா: வயலில் மிதக்கும் தழைச்சத்து

அசோலா நீரில் மிதக்கும் சிறு பெரணி. அதன் இலைக் குழிகளில் வாழும் அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசி, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது.

வளர்ப்பதற்கு நிழலான இடம் வேண்டும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் செங்கல்லால் வரப்பு கட்டி, சில்பாலின் தாளை விரித்து, சலித்த வயல்மண்ணை 10 கிலோ பரப்பலாம். 2 கிலோ பசுஞ்சாணத்தையும் 30 கிராம் சூப்பர் பாஸ்பேட்டையும் கரைத்து ஊற்றி, 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, ஒரு கிலோ அசோலாவைத் தூவ வேண்டும். இரண்டு வாரத்தில் தொட்டி நிறைந்துவிடும். பிறகு தினமும் அரை கிலோ அள்ளலாம்.

இலை சிவந்தால் மணிச்சத்துக் குறைவோ, வெயிலின் கடுமையோ காரணம். ஐந்து நாளுக்கொருமுறை சாணமும் 20 கிராம் சூப்பர் பாஸ்பேட்டும் சேர்த்தால் முதல் குறை தீரும். இரண்டாவதற்குப் பந்தல்தான் வழி.

ஏக்கருக்குச் சுமார் 80 கிலோ விதை அசோலா தேவை. இந்தத் தொட்டி அதற்குப் போதாது. அதனால் வயலின் ஒரு மூலையில் பாத்தி கட்டி, தொட்டியிலிருந்து எடுத்ததை அங்கே பெருக்குகிறார்கள். நடவு முடிந்து ஒரு வாரத்தில் அதை வயல் முழுக்க விட்டு, போர்வைபோலப் படர்ந்ததும் தண்ணீரை வடித்துச் சேற்றில் மிதித்துவிடுகிறார்கள். மிதக்கும்வரை தழைச்சத்தின் பெரும்பகுதி செடிக்குள்ளேயே இருக்கும்; மண்ணில் மக்கிய பிறகுதான் நெல்லுக்குக் கிடைக்கும்.

ஒரு டன் பச்சை அசோலாவில் தழைச்சத்து ஏறக்குறைய 2 முதல் 3 கிலோதான். ஆகவே யூரியாவை முழுதாக நிறுத்தாமல், ஒரு பகுதியை மட்டும் குறைக்கிறார்கள்.