அறுந்த நேரத்துக்குச் சாட்சி

"நெட் அடிக்கடி கட்டாகிறது" என்று பிராட்பேண்ட் நிறுவனத்துக்கு எழுதினால், ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லியே பெரும்பாலும் பதில் வரும். நேரக் குறிப்போடு எழுதும் புகாரை அப்படித் தள்ளுவது கடினம்.

வீட்டிலிருந்து அலுவலக சர்வரில் வேலை செய்பவர், கணினியைக் கேபிளில் இணைத்து, ரூட்டருக்கும் வெளி முகவரிக்கும் தனித்தனியே பிங் ஓடவிடலாம். லினக்ஸில்:

```
ping -D -O 192.168.1.1 > router.txt
ping -D -O 8.8.8.8 > veli.txt
```

இரவு 9.14-க்கு வெளிப்பதில் 40 நொடி நின்று, ரூட்டர் மட்டும் பதில் தந்திருந்தால், கோளாறு கணினிக்கும் ரூட்டருக்கும் இடையில் இல்லை.

அந்நேரம் ரூட்டரின் பதிவில் மறுஇணைப்பும் புதிய ஐபி முகவரியும் இருந்தால், அதையும் மின்னஞ்சலில் சேர்க்க வேண்டும். வீடியோ தானே மீண்டுகொள்ளும். முகவரி மாறினால் சர்வர் இணைப்பு முறிந்துவிடும். ஆகவே வேகத்தைப் பற்றியல்ல, அறுந்த நேரங்களைப் பற்றியே புகார் பேச வேண்டும்.