நாலாயிரம் புடவைக்கு ஒரே மெருகு

2024 ஜனவரியில் அமேசான் தளத்தில் பொருள் தேடியவர்களுக்கு ஒரு விநோதம் காத்திருந்தது. சில பொருள்களுக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ‘மன்னிக்கவும், இந்தக் கோரிக்கையை என்னால் நிறைவேற்ற முடியாது, இது ஓப்பன்ஏஐ பயன்பாட்டுக் கொள்கைக்கு எதிரானது’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் இருந்தது. விற்றவர்கள் இயந்திரத்தை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். வந்ததைப் படித்துப் பார்க்காமல் அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார்கள்.

இந்தப் பிழையைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. படித்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு விவரக் குறிப்பையும் தனியாகப் படித்தால் எந்தக் குறையும் தெரியாமல், எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் தெரிகிற பிழைதான் கடினமானது. ‘பண்டிகை நாட்களில் உங்கள் அழகுக்கு மேலும் மெருகூட்டும்’ என்று ஒரு புடவையைப் பற்றி எழுதினால் அதில் தவறில்லை. அடுத்த புடவைக்கும், அதற்கடுத்த குர்த்தாவுக்கும், கடைசியில் கைக்குட்டைக்கும் அதே வரி வந்தால், வாங்க வந்தவர் மூன்றாவது பக்கத்திலேயே படிப்பதை நிறுத்திவிட்டு விலையை மட்டும் பார்ப்பார்.

நாலாயிரம் பக்கங்களை ஒரே ஆள் உட்கார்ந்து படிக்க முடியாது. படித்தாலும், காலையில் பார்த்த வரி மாலையில் நினைவில் நிற்காது. இதற்காகக் கையாளும் வழி ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. அதற்கு ஏறத்தாழ முப்பது வயதாகிறது.

1997-இல் ஆல்டாவிஸ்டா தேடுபொறி புகழோடு இருந்த காலம். இணையத்தில் ஒரே பக்கம் சிறுசிறு மாற்றங்களோடு பல இடங்களில் கிடந்தது. அவற்றை அடையாளம் காண ஆண்ட்ரே பிராடர் என்ற கணினி அறிஞர் ஒவ்வொரு பக்கத்தையும் சிறு சொல்துண்டுகளாக வெட்டினார். முதல் சொல்லிலிருந்து தொடங்கி ஒரு துண்டு, இரண்டாம் சொல்லிலிருந்து தொடங்கி அடுத்தது, மூன்றாம் சொல்லிலிருந்து இன்னொன்று. கூரையில் ஒரு ஓட்டின் மேல் அடுத்த ஓடு பாதி ஏறி நிற்பதைப் போல, ஒரு துண்டின் பெரும்பகுதி அடுத்த துண்டிலும் இருக்கும். அதனால்தான் இதற்குக் கூரை வேயும் பலகையைக் குறிக்கும் ‘ஷிங்கிள்’ என்ற பெயர் வந்தது. இரண்டு பக்கங்களுக்கும் பொதுவான துண்டுகள் எத்தனை, இரண்டிலும் சேர்த்து வெவ்வேறான துண்டுகள் மொத்தம் எத்தனை என்று எண்ணி, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒற்றுமையின் அளவு கிடைத்துவிடும்.

தமிழில் இதைச் செய்து பார்த்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. ஒரு துணிக்கடைக்காக இயந்திரம் எழுதிய இரண்டு வரிகள் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

‘பண்டிகை நாட்களில் உங்கள் அழகுக்கு மேலும் மெருகூட்டும் இந்தச் சிவப்பு நிறப் பருத்திப் புடவை.’

‘பண்டிகை நாட்களில் உங்கள் அழகுக்கு மேலும் மெருகூட்டும் இந்த நீல நிறப் பட்டுப் புடவை.’

படிக்கிற யாருக்கும் இவை ஒரே வரிதான். நிறமும் துணியும் மட்டும் மாறியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பதினொரு சொற்கள். ஐந்து சொற்களுக்கு ஒரு துண்டு என்று வெட்டினால் ஒவ்வொரு வரியிலும் ஏழு துண்டுகள் கிடைக்கும். அவற்றில் பொதுவானவை எத்தனை? இரண்டே இரண்டு! மொத்தம் பன்னிரண்டு வெவ்வேறு துண்டுகளில் இரண்டு என்றால் ஒற்றுமை வெறும் 17 விழுக்காடு. இந்த எண்ணை நம்பினால் கணினி இரண்டையும் வெவ்வேறு வரிகள் என்று விட்டுவிடும்.

ஒரு காரணம் ஓர் ஒற்றெழுத்து. ‘சிவப்பு’ வல்லினத்தில் தொடங்குவதால் முன்னால் ‘இந்தச்’ என்று சகரம் மிகுந்தது. ‘நீல’ என்பதற்கு முன்னால் மிகவில்லை. நமக்கு இரண்டும் ஒரே சொல். கணினிக்கு ‘இந்தச்’ வேறு, ‘இந்த’ வேறு. அந்த ஒரு சொல்லைத் தொடுகிற ஐந்து துண்டுகளில் ஒன்று அதனால் மட்டுமே கைவிட்டுப் போனது. ஒப்பிடுவதற்கென்று எடுத்த நகலில் சொல்லின் இறுதியில் நிற்கும் க், ச், த், ப் ஆகியவற்றை நீக்கிவிட்டால் பொதுத்துண்டுகள் மூன்றாகும், ஒற்றுமை 27 விழுக்காடாக ஏறும். ‘லேப்டாப்’ போன்ற சொற்கள் இதில் வால் அறுந்து போகுமே என்று தோன்றலாம். எல்லாக் குறிப்புகளிலும் ஒரேபோல அறுவதால் எண்ணிக்கை கெடாது. விற்பனைப் பக்கத்தில் இருக்கும் மூலத்தை யாரும் தொடுவதில்லை.

27 விழுக்காடும் போதாது. அடுத்த வேலை, பொருளுக்குப் பொருள் மாறும் சொற்களை மறைப்பது. கடையின் அட்டவணையிலேயே நிறம், துணி, அளவு, விலை, தயாரிப்பாளர் பெயர் எல்லாம் இருக்கும். அதைக் கொண்டு ‘சிவப்பு’, ‘நீல’ இருக்கும் இடங்களில் ‘நிறம்’ என்றும், ‘பருத்தி’, ‘பட்டு’ இருக்கும் இடங்களில் ‘துணி’ என்றும் பொதுக்குறி போட வேண்டும். போட்டதும் ஏழு துண்டுகளும் ஏழு துண்டுகளோடு பொருந்திவிடுகின்றன. ஒற்றுமை 100 விழுக்காடு. 17-இல் தொடங்கி 100-இல் வந்து நிற்கிறோம். வரிகள் மாறவில்லை, பார்க்கும் முறைதான் மாறியது. ஆங்கிலத்துக்கென்று எழுதிய கருவியை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பக்கங்களில் ஓட்டிவிட்டு, ‘எங்கள் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது குறைவு’ என்று நிம்மதி அடைபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு கண்ணியும் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். மெய்யோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எண்ணும்போது வேறுவேறாகிவிடும். யூனிகோட் தரத்தில் NFC என்ற ஒழுங்குபடுத்தும் முறை இருக்கிறது, முதலிலேயே அதன் வழியாக எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். ‘ஔவை’யை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் மட்டும் இது திருத்தாது. அதற்குத் தனியாக ஒரு விதி எழுதித்தான் ஆகவேண்டும்.

இனி எண்ணிக்கை. அறுபது சொல் கொண்ட ஒரு குறிப்பில் 56 துண்டுகள் இருக்கும். நாலாயிரம் குறிப்புகளுக்கு 2,24,000 துண்டுகள். சாதாரண மடிக்கணினிக்கு இது சில நொடி வேலை. இங்கே எண்ண வேண்டியது ஒரு துண்டு மொத்தம் எத்தனை முறை வருகிறது என்பதை அல்ல, எத்தனை குறிப்புகளில் வருகிறது என்பதை. ஒரே குறிப்பில் ஒரு தொடர் நான்கு முறை வந்தால் அது அந்தக் குறிப்பின் நோய். நானூறு குறிப்புகளில் ஒவ்வொரு முறை வந்தால் அது கடையின் நோய். பட்டியலை இறக்குவரிசையில் அடுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் துண்டுகளை ஒட்டி நீளமான தொடர்களாக்கினால், முதல் பக்கத்திலேயே பெரிய குற்றவாளிகள் அகப்படுவார்கள்.

பொருள்கள் பத்து லட்சம் என்றால் கதை வேறு. எந்தக் குறிப்பு எந்தக் குறிப்பைப் போல இருக்கிறது என்று இரண்டிரண்டாக ஒப்பிட முயன்றால் ஏறத்தாழ 50,000 கோடி இணைகள் வரும். பிராடர் அதற்கும் வழி சொன்னார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு எண் கொடுத்து, குறிப்புக்கு ஒன்றாக மிகச் சிறிய எண்ணை மட்டும் வைத்துக்கொள்வது. இரண்டு குறிப்புகளின் சிறிய எண் ஒன்றாக இருக்கும் வாய்ப்பு, அவற்றின் ஒற்றுமையின் அளவுக்குச் சமம். வேறுவேறு எண்முறைகளில் இதை நூறு முறை செய்தால், நூறே எண்களைக் கொண்டு ஒற்றுமையை ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

இப்படி அலசும்போது எதிர்பாராதவையெல்லாம் மேலே வரும். மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட C4 என்ற பெரிய தரவுத்தொகுப்பை 2021-இல் ஆய்வாளர்கள் அலசியபோது, 61 சொல் கொண்ட ஒரே ஆங்கில வாக்கியம் 60,000 முறைக்கு மேல் இருந்தது தெரியவந்தது. கல்யாண அலங்காரத்துக்கு யோசனை சொல்லும் வெற்றுப் புகழ்ச்சி வரி அது. இயந்திரம் கற்ற பாடத்திலேயே இத்தகைய வரிகள் கலந்திருந்தன.

பட்டியல் கைக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெட்டக் கூடாது. ‘முதல் முறை தனியாக, குளிர்ந்த நீரில் துவைக்கவும்’ என்பது ஆயிரம் பக்கங்களில் ஒரேபோலத்தான் இருக்க வேண்டும். அதை ஆயிரம் விதமாக எழுதச் சொன்னால், எங்கோ ஒன்றில் ‘குளிர்ந்த’ போய் ‘வெதுவெதுப்பான’ வந்து சாயம் போகும், வாங்கியவர் சண்டைக்கு வருவார். தயாரிப்பாளர் முகவரி, நிகர அளவு, தயாரான நாடு போன்ற சட்டம் கேட்கும் விவரங்களும் அப்படியே. அளவு, துவைக்கும் முறை, சட்ட விவரம் ஆகியவற்றை முதலிலேயே தனிக் கட்டங்களுக்கு மாற்றிவிட்டு, மிச்சமுள்ள உரையை மட்டும் எண்ணுவதே சரி.

மிச்சத்தில் எது இயல்பு, எது இயந்திரத்தின் வாய்ப்பாடு? கடையில் முன்பு மனிதர்கள் எழுதிய குறிப்புகள் இருந்தால் அவைதான் நல்ல அளவுகோல். அங்கே அரிதாக வந்த தொடர் இங்கே பத்துக்கு இரண்டு பக்கங்களில் வந்தால் சந்தேகம் வேண்டாம். மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களில் ‘டெல்வ்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் திடீரென்று பெருகியதை 2024-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததும் இப்படி முன்பையும் பின்பையும் ஒப்பிட்டுத்தான்.

அடுத்துத்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அகப்பட்ட தொடரைத் தடைப்பட்டியலில் போடுகிறார்கள். ‘அழகுக்கு மெருகூட்டும்’ கூடாது என்றதும் இயந்திரம் ‘தோற்றத்துக்குப் பொலிவூட்டும்’ என்று எழுதத் தொடங்கும். அதையும் தடுத்தால் ‘எழிலுக்கு எழில் சேர்க்கும்’ வரும். சொல்துண்டுகள் மாறிவிட்டதால் எண்ணிக்கை குறையும், அறிக்கை அழகாக இருக்கும், படிப்பவருக்கு அதே சலிப்புத்தான். பொருளால் ஒன்றான, சொல்லால் வேறான இவற்றைத் துண்டு எண்ணும் முறை பிடிக்காது. அது இதன் எல்லை. வாக்கியத்தின் பொருளையே எண்களாக்கி ஒப்பிடும் முறைகள் இருக்கின்றன. ஆனால் இரண்டு புடவைகளும் உண்மையிலேயே ஒத்தவையாக இருந்தால் அவை அதையும் திருட்டாகக் காட்டும்.

வேர் வேறிடத்தில் இருக்கிறது. இயந்திரத்திடம் கொடுத்த அட்டவணையைத் திறந்து பார்த்தால் ‘சிவப்பு, பருத்தி, ரூ.1,200’ என்று மூன்று தகவல்கள் இருக்கும். மூன்று தகவலைக் கொண்டு அறுபது சொல் எழுது என்றால், மனிதராக இருந்தாலும் பண்டிகையையும் மெருகையும்தான் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கும். திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் எந்தப் பக்கங்களில் குவிகின்றன என்று பாருங்கள். அட்டவணையில் காலிக் கட்டங்கள் அதிகமுள்ள பொருள்களிலேயே அவை குவியும். செட்டிநாட்டுக் கண்டாங்கி ஒன்றுக்குக் கட்டத்தின் அளவு, கரையின் அகலம், நூலின் நம்பர், முந்தியில் உள்ள கோடுகள், நெய்த ஊர் எல்லாம் கொடுத்துவிட்டால், அழகுக்கு மெருகூட்ட அங்கே இடமே இருக்காது.

ஆகவே இணையத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலின் மேலே நிற்கும் முதல் இருபது தொடர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவை வரும் பொருள்களின் பெயர்களை எழுதி, ஓர் ஆளிடம் அளவு நாடாவைக் கொடுத்துக் கிடங்குக்கு அனுப்புங்கள். அவர் அளந்து வந்ததை அட்டவணையில் ஏற்றி, குறிப்புகளை மறுபடி எழுதவைத்து, எண்ணிக்கையை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அளக்க எதுவும் இல்லாத கைக்குட்டைக்கு இரண்டு வரி போதும்.